சிறப்புப் படையும் காலாட்படையும்

அன்புள்ள ஐயா,

சிறப்புப் படையினர் கூடுதல் பயிற்சி பெற்ற காலாட்படையினர்தானே? அதே பயிற்சியை எல்லாருக்கும் கொடுத்துவிட்டால் தனிப்படை எதற்கு?

முருகவேல், தஞ்சாவூர்

அன்புள்ள முருகவேல்,

காலாட்படைப் பயிற்சி, வெளியிலிருந்து வரும் இளைஞனைச் சக வீரர்களோடு சேர்ந்து சண்டையிடப் பழக்குகிறது. வந்தவர்களில் பெரும்பாலோரைத் தேற்றிவிடுவதே அதன் வெற்றி. பிரிட்டனின் எஸ்.ஏ.எஸ். என்ற சிறப்புப் படைக்கோ ஏற்கெனவே வீரர்களாக இருப்பவர்களே வருகிறார்கள், அவர்களிலும் பெரும்பாலோர் திருப்பி அனுப்பப்படுகிறார்கள். வேல்ஸின் பிரெக்கன் மலைகளில் மூட்டையும் துப்பாக்கியுமாக ஒவ்வொருவரும் தனியாக நடக்க வேண்டும். குறித்த ஓர் இடத்தை அடைந்த பிறகே அடுத்து எங்கே போக வேண்டும் என்று தெரியவரும். பயிற்றுநர்கள் ஊக்குவிப்பதுமில்லை, திட்டுவதுமில்லை. ஏறத்தாழ 64 கிலோமீட்டர் தொலைவை 20 மணி நேரத்துக்குள் கடக்கும் கடைசி நடையோடு மலைக்கட்டம் முடிகிறது. அதன்பின் காடு, பிடிபட்டால் விசாரணையைத் தாங்குதல் எனத் தேர்வு நீள்கிறது. உடல் வலுவைவிட, மேற்பார்வையின்றி, களைப்பிலும் சரியாக முடிவெடுக்கும் இயல்பையே இதில் தேடுகிறார்கள் என்பது என் கருத்து. அது பயிற்சியால் எல்லாருக்கும் ஊட்டிவிடக்கூடியதன்று.

பயன்பாட்டில் உள்ள வேறுபாட்டுக்கு, மேற்கு ஆப்பிரிக்க நாடான சியரா லியோனில் 2000 செப்டம்பர் 10 அன்று பிரிட்டன் நடத்திய பாரஸ் என்ற மீட்பு நடவடிக்கையைப் பாருங்கள். ‘வெஸ்ட் சைட் பாய்ஸ்’ என்ற ஆயுதக் குழு, ரோக்கல் ஓடையின் வடகரையிலிருந்த கெபெரி பானா கிராமத்தில் பிரிட்டிஷ் வீரர்கள் ஆறு பேரையும் அவர்களோடிருந்த சியரா லியோன் அதிகாரி ஒருவரையும் பிடித்துவைத்திருந்தது. பிரிட்டனின் சிறு கண்காணிப்புக் குழுக்கள் நாட்கணக்கில் கிராமத்தருகே ஒளிந்திருந்து, கைதிகள் எந்த வீட்டில் இருக்கிறார்கள், ஹெலிகாப்டர் எங்கே இறங்கலாம் என்று அறிவித்தன. விடியற்காலையில் எஸ்.ஏ.எஸ். வீரர்கள் கயிறு வழியே கிராமத்துக்குள் இறங்கிய அதே நேரத்தில், ஒளிந்திருந்தவர்கள் காவலர்களைச் சுட்டு, கைதிகளை நெருங்கவிடாமல் தடுத்தார்கள். கைதிகள் எழுவரும் மீண்டனர், எஸ்.ஏ.எஸ். வீரர் ஒருவர் உயிரிழந்தார்.

ஆனால் தென்கரையில் இருந்த மக்பெனி கிராமத்திலிருந்து அந்த ஆயுதக் குழுவினர் கனரகத் துப்பாக்கிகளால் சுட்டிருந்தால் இந்த மீட்பு சிதறியிருக்கும். அந்தக் கிராமத்தைப் பிடித்து வைத்திருக்க ஒரு முழுக் கம்பெனி, அதாவது நூறு பேர் அளவிலான படைப்பிரிவு வேண்டும். அதற்குக் காலாட்படையைச் சேர்ந்த பாராசூட் ரெஜிமென்டின் முதல் பட்டாலியன் வீரர்கள் இறக்கப்பட்டார்கள். இறங்கிய இடம் சதுப்பு நிலம். சற்று நேரத்தில் ஒரு வெடிப்பில் கம்பெனித் தளபதியும் காயமுற்றார். அடுத்த நிலை அதிகாரி பொறுப்பேற்றார், தாக்குதல் தடைபடவில்லை. ஆளுக்கு ஆள் மாற்று இருக்கும்படி கட்டப்பட்ட காலாட்படையின் பலம் இதுதான். வடகரையில் இறங்கிய சிறு படைக்கு அந்த வசதி இல்லை. நாள் முழுக்க ஓரிடத்தைக் காத்து நிற்கும்படி அதை விட்டால், எளிதில் ஈடுசெய்ய முடியாதவர்களை இழக்க நேரிடும்.

சிறப்புப் படைகளுக்குத் துணைநிற்க பிரிட்டன் 2006இல் தனி அணி ஒன்றை அமைத்தபோது, அந்த முதல் பட்டாலியனையே அதன் அடித்தளமாகக் கொண்டது.