இ.எல். என்கேஷ்மென்ட்: டிசம்பர் 31-க்கும் வேலையை விட்டு விலகும் நாளுக்கும் பாலிசியில் என்ன எழுத வேண்டும்?

கேள்வி: எங்கள் கம்பெனிக்குக் கடலூர் சிப்காட்டில் ஒரு யூனிட், புதுச்சேரி சேதராப்பட்டில் ஒரு யூனிட். பாலிசியில் "ஆண்டு முடிவில் எடுக்காத இ.எல். காலாவதியாகும், விலகும்போது இருப்பிலுள்ள விடுப்புக்கு பேசிக் சம்பளம் வழங்கப்படும்" என்று ஒரே வரிதான் இருக்கிறது. இதைச் சரியாக எப்படி எழுதுவது?

அந்த வரியின் முதல் பாதி சட்டத்துக்கு எதிரானது. இரண்டாம் பாதியில் "இருப்பு", "பேசிக்" என்ற இரண்டு சொற்களுமே ஆளுக்கு ஆள் வேறு தொகை தரும். வரியைத் திருத்திப் பயனில்லை, மாற்றித்தான் எழுத வேண்டும்.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் பாதுகாப்பு, உடல்நலம், பணிநிலைமைச் சட்டத் தொகுப்பின் 32-ஆம் பிரிவுதான் அடிப்படை. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் அது ஒன்றே. முன்பு ஓர் ஆண்டில் 240 நாள் வேலை செய்தால்தான் இ.எல். எனும் ஈட்டிய விடுப்பு கிடைத்தது, இப்போது 180 நாள் போதும். 20 நாள் வேலைக்கு ஒரு நாள் என்ற கணக்கு மாறவில்லை. அடுத்த ஆண்டுக்கு 30 நாள் வரை கொண்டுபோகலாம். ஆண்டு முடிவில் தொழிலாளி கேட்டால் பணமாகத் தர வேண்டும். இருப்பு 30-ஐத் தாண்டினால் தாண்டிய நாட்களைப் பணமாக்கிக்கொள்ளும் உரிமையும் அவருக்கு உண்டு. ஆகவே "காலாவதியாகும்" என்ற சொல்லுக்குத் தொழிலாளர் விஷயத்தில் இடமே இல்லை. மேனேஜர்களும், மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் சூப்பர்வைசர்களும் இந்தப் பிரிவின் "தொழிலாளி" வரையறைக்குள் வரமாட்டார்கள். அவர்களுக்குப் பணி ஒப்பந்தம் சொல்வதுதான். ஆனாலும் இரண்டு விதி வைத்துக் குழப்பிக்கொள்ளாமல் ஒரே விதியை எல்லோருக்கும் வைப்பதே நல்லது என்பேன்.

ஆண்டு முடிவில் பெரும்பாலும் தவறுவது மறுக்கப்பட்ட விடுப்பு. தொழிலாளி எழுதிக் கேட்டு, உற்பத்தி நெருக்கடி என்று நிர்வாகம் தர மறுத்த நாட்களுக்கு 30 நாள் வரம்பு கிடையாது. டிசம்பர் 31-இல் ஒருவருக்கு 37 நாள் இருப்பு, அதில் 4 நாள் மறுக்கப்பட்டவை என்று வைத்துக்கொள்ளுங்கள். வரம்பு மீதி 33-க்குத்தான். 30 கொண்டுபோகும், 3 பணமாகும், அந்த 4 நாள் தனியாகக் கொண்டுபோகும். ஜனவரி 1 அன்று தொடக்க இருப்பு 34 என்று நிற்க வேண்டும். சம்பள சாஃப்ட்வேரில் "அதிகபட்சம் 30" என்று மட்டும் செட் செய்திருந்தால் அது எல்லோரையும் 30-க்கு வெட்டிவிடும். டிசம்பர் பேஸ்லிப்பில் பணமும் வராமல் ஜனவரி இருப்பும் குறைந்திருந்தால் இதுதான் நடந்திருக்கிறது. மறுக்கப்பட்ட நாட்களுக்குத் தனி லீவ் கோடு போடுங்கள். மறுப்பு வாய்ச்சொல்லாக இல்லாமல் விண்ணப்பத்திலேயே காரணத்துடன் பதிவாகட்டும்.

நான் எழுதினால் ஆண்டு முடிவு விதி இப்படி இருக்கும்:

"டிசம்பர் 31 அன்று பயன்படுத்தாத ஈட்டிய விடுப்பில் 30 நாள் வரை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுசெல்லப்படும். 30-ஐத் தாண்டிய நாட்கள் விண்ணப்பம் இல்லாமலே ஜனவரி சம்பளத்துடன் பணமாக வழங்கப்படும். 30-க்குள் உள்ள நாட்களையும் பணியாளர் எழுதிக் கேட்டால் பணமாகப் பெறலாம். எழுத்தில் மறுக்கப்பட்ட விடுப்பு இந்த 30-இல் சேராது; வரம்பின்றிக் கொண்டுசெல்லப்படும்."

"விண்ணப்பம் இல்லாமலே" என்பதை வேண்டுமென்றே சேர்த்தேன். டிசம்பர் 15-க்குள் ஃபார்ம் தராதவருக்குப் பணம் இல்லை என்ற பழக்கம் பல இடங்களில் உண்டு. அது பின்கதவு வழியாகக் காலாவதியைக் கொண்டுவருவதுதான்.

அடுத்து ஒரு நாள் சம்பளம். பாலிசியில் "பேசிக்" என்று எழுதினாலும் சட்டப்படி "ஊதியம்" என்பது பேசிக்கும் பஞ்சப்படியும் மட்டும் அல்ல. ஊதியத்தில் சேராத வீட்டு வாடகைப்படி போன்ற படிகள் மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகை ஊதியத்தோடு சேர்ந்துவிடும். மாதம் 26,000 வாங்குபவருக்கு பேசிக்கும் பஞ்சப்படியும் 10,000, மற்ற படிகள் 16,000 என்றால், பாதியான 13,000-ஐத் தாண்டிய 3,000 சேர்ந்து ஊதியம் 13,000 ஆகிறது.

இதை எதால் வகுப்பது என்பதுதான் அதிகம் சண்டை வரும் இடம். நான் 26 என்றே எழுதச் சொல்வேன். லீவுக்கு நடுவே வரும் ஞாயிறும் பண்டிகை விடுமுறையும் இ.எல். கணக்கில் கழிவதில்லை. அப்படியானால் ஒரு நாள் இ.எல். என்பது ஒரு வேலை நாள். அதை 30-ஆல் வகுத்துப் பணமாக்கினால், எடுத்தால் ஒரு மதிப்பு, விற்றால் குறைந்த மதிப்பு என்றாகிவிடும். நம் ஆளுக்கு 13,000-ஐ 26-ஆல் வகுத்தால் நாளுக்கு 500 ரூபாய். விடுப்பு எந்த ஆண்டில் ஈட்டியதாக இருந்தாலும் பணமாக்கும் நாளின் கடைசி ஊதியமே கணக்கு என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

அவரே சேதராப்பட்டு யூனிட்டிலிருந்து 2026 ஆகஸ்ட் 14, வெள்ளிக்கிழமை விலகுகிறார் என்போம். ஜனவரி 1 இருப்பு 24 நாள். அந்த ஆண்டு வேலை செய்தது 160 நாள், எடுத்த லீவு 5. உங்கள் பழைய வரிப்படி "இருப்பு" என்றால் 24-இல் 5 போக 19. பேசிக் 10,000-ஐ 30-ஆல் வகுத்தால் வருவது சுமார் 6,333 ரூபாய். சட்டப்படி, 180 நாள் முடியாவிட்டாலும் விலகுபவருக்கு அந்த ஆண்டு வேலை செய்த நாட்களுக்கான விடுப்பும் பணமாக வேண்டும். 160-ஐ 20-ஆல் வகுத்தால் 8. ஆக 27 நாள், 13,500 ரூபாய். பாதிக்கு மேல் விடுபட்டுப் போகிறது.

பணம் தரும் நாளும் முக்கியம். ராஜினாமா, நீக்கம், ஆட்குறைப்பு எதுவானாலும் இரண்டாவது வேலை நாளுக்குள் தர வேண்டும். பணி ஓய்வு, இறப்பு என்றால் இரண்டு மாதத்துக்குள். இவருடைய வழக்கில் ஆகஸ்ட் 15 சுதந்திர தினம், 16 ஞாயிறு (புதுச்சேரி இந்தியாவோடு சட்டப்படி இணைந்த நாளும் அதுவே). ஆகவே 18, செவ்வாய்க்கிழமை கடைசி நாள். வேறொரு ஆண்டில் ஆகஸ்ட் 16 வார நாளில் வந்தால் சேதராப்பட்டில் விடுமுறையாகவும் கடலூரில் வேலை நாளாகவும் இருக்கலாம். "அந்தந்த யூனிட்டின் வேலை நாள்" என்று எழுதுவது அதனால்தான். "45 நாளில் ஃபுல் அண்ட் ஃபைனல்" என்ற வழக்கமான வரி இதற்குச் செல்லாது. நோ டியூ சர்டிபிகேட்டைக் கடைசி நாளுக்கு முந்தியே சுற்றவிட்டால்தான் இரண்டு நாளில் முடிக்க முடியும்.

"விலகும் எவருக்கும், காரணம் எதுவானாலும், முந்தைய இருப்புடன் நடப்பு ஆண்டில் 20 வேலை நாளுக்கு ஒரு நாள் வீதம் ஈட்டியதும் சேர்த்துப் பணமாக வழங்கப்படும். அரை நாளும் அதற்கு மேலும் ஒரு நாளாகக் கொள்ளப்படும். அந்த யூனிட்டின் இரண்டாவது வேலை நாளுக்குள் தொகை வழங்கப்படும். இறந்தால் இரண்டு மாதத்துக்குள் நாமினிக்கு வழங்கப்படும். இந்த நாட்கள் நோட்டீஸ் காலத்தில் ஈடுகட்டப்படமாட்டா."

வரி விஷயத்தில் ஒன்றை மட்டும் பாலிசியின் அடியில் குறிப்பிடுங்கள். பணியில் இருக்கும்போது ஆண்டு முடிவில் வாங்கும் தொகை முழுவதும் வரிக்கு உட்பட்டது. ஓய்விலோ ராஜினாமாவிலோ வாங்குவதற்குத் தனியார் ஊழியருக்கு வாழ்நாள் முழுவதும் சேர்த்து 25 லட்சம் வரை விலக்கு உண்டு. ஆனால் 10 மாதச் சராசரிச் சம்பளம், பணி ஆண்டுக்கு 30 நாள் என்ற உள்வரம்புகளில் எது குறைவோ அதுவே கிடைக்கும். பி.எஃப். பிடிக்கத் தேவையில்லை, விடுப்பைப் பணமாக்கும் தொகை பி.எஃப். கணக்கில் அடிப்படை ஊதியம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் தீர்ப்பளித்திருக்கிறது.