தொடரின் வால்

ஐயா, வணக்கம். 1/(1·3) + 1/(2·4) + 1/(3·5) + … என்ற முடிவிலாத் தொடரைப் பகுதிப் பின்னங்களாகப் பிரித்தேன். எல்லாம் அடிபட்டு முதல் உறுப்பு மட்டும் நிற்கிறது. விடை 1/2 வருகிறது. புத்தகத்தில் 3/4 என்று போட்டிருக்கிறது. அச்சுப்பிழையா? இந்த மாதிரிக் கணக்குக்குச் சூத்திரம் ஏதாவது உண்டா?
– பன்னிரண்டாம் வகுப்பு மாணவன்

அன்புள்ள தம்பி,

அச்சுப்பிழை இல்லை. சூத்திரத்தை விடு, அது உனக்கு வேண்டாம். உன் மேல் எனக்குக் கோபம் வேறு விஷயத்தில். 1/3, 1/8, 1/15 மூன்றையும் கூட்டிப் பார்த்தாயா? 21/40. மூன்றாவது உறுப்பிலேயே பாதியைத் தாண்டிவிட்டது, அதற்கப்புறம் வருபவை எல்லாம் மிகை எண்கள். விடை எப்படி 1/2 ஆகும்? புத்தகத்தைச் சந்தேகப்படும் முன் இதைச் செய்திருக்கலாம்.

பிரித்தது சரிதான்: 1/(n(n+2)) = ½(1/n − 1/(n+2)). வித்தியாசம் இரண்டு என்பதால் ஒரு உறுப்பின் கழித்தல் பகுதி அடுத்ததோடு அடிபடாது, அதற்கும் அடுத்ததோடுதான் அடிபடும். அதனால் முன்னால் 1, 1/2 இரண்டும் தப்பிக்கின்றன. நீ 1/2-ஐ விட்டுவிட்டாய்.

எங்கள் பள்ளியில் கணக்கு வாத்தியார் ஒருவர் இருந்தார். முதல் நான்கு வரி, கடைசி இரண்டு வரி, ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதாமல் எதையும் அடிக்க விடமாட்டார். அந்தக் கடைசி இரண்டு வரிதான் முக்கியம். N உறுப்புகள் வரை கூட்டினால் இப்படி வரும்:

S_N = ½(1 + 1/2 − 1/(N+1) − 1/(N+2))

N = 3 போட்டால் அதே 21/40. கடைசியில் மிஞ்சும் 1/(N+1), 1/(N+2) இரண்டும்தான் வால். N பெரிதாகப் பெரிதாக அந்த வால் பூஜ்யத்தை நெருங்கும், 3/4 கிடைக்கும்.

"வால் எப்படியும் பூஜ்யம்தானே, எதற்கு எழுதுவது?" என்று கேட்பாய். 1/(n(n+1)) தொடரை எடுத்துக்கொள். 1/n − 1/(n+1) என்று பிரித்தால் கூடுதல் 1. அதையே n/(n+1) − (n−1)/n என்றும் எழுதலாம், சரிபார்த்துக்கொள். இப்போது முன்னால் மிஞ்சுவது 0. வாலைத் தூக்கி எறிந்தால் விடை பூஜ்யம் என்பாய்! உண்மையில் வால் N/(N+1), அது 1-ஐ நோக்கிப் போகிறது. முழு விடையும் வாலில்தான் இருக்கிறது. முடிவிலாத் தொடரை 1/n-களின் கூட்டல், 1/(n+1)-களின் கூட்டல் என்று இரண்டாகப் பிரித்துக் கழிப்பதும் இதே தவறுதான். இரண்டுமே முடிவிலிக்கு விரிபவை, அவற்றின் வித்தியாசத்துக்குப் பொருளே இல்லை. எப்போதும் N-இல் நிறுத்து, அடி, அப்புறம் எல்லை எடு.

1672-இல் பாரிஸில் டச்சு அறிஞர் ஹைகன்ஸ், பின்னாளில் பெரிய கணித மேதையான இளம் லைப்னிட்ஸுக்கு 1 + 1/3 + 1/6 + 1/10 + … என்ற தொடரைக் கொடுத்தார். பொது உறுப்பு 2/(n(n+1)), விடை 2. லைப்னிட்ஸ் வித்தியாசங்களாகப் பிரித்துத்தான் கண்டுபிடித்தார்.

ஒன்று மட்டும். பகுதிப் பின்னமாகப் பிரிகிறது என்பதாலேயே எல்லாம் அடிபட்டுவிடாது. 1/(n(2n+1)) பிரியும், ஆனால் அதன் துண்டுகள் 1/2, 1/3, 1/4, 1/5 என்று ஒன்றுக்கொன்று சந்திக்காமல் போகும். அதன் கூடுதல் 2 − 2 ln 2. 1/(n(n+3)) தொடரைப் போட்டுப் பார். முன்னால் மூன்று மிஞ்சும், 11/18 வர வேண்டும்.