புள்ளி எங்கே போனது? வட்ஸ்அப் பொட்டுக்கும் தனிச் செயலிக்கும் படம் அனுப்புவது பற்றிக் கேள்வி பதில்

கல்லடியில் பிரதி எடுக்கும் கடை வைத்திருக்கிறேன். ஸ்கேன், லேமினேட், படம் அச்சிடுதல் எல்லாம் உண்டு. "பொட் தவறாக வாசித்துவிட்டது" என்று இப்போது வாரத்துக்கு இரண்டு பேராவது காகிதத்தோடு வந்து நிற்கிறார்கள். படத்தை அனுப்பினால் வாசித்துப் பதில் சொல்லும் செயற்கை நுண்ணறிவைத்தான் பொட் என்கிறார்கள்; வட்ஸ்அப்பிலும் அதனோடு பேசலாம், அதற்கென்றே உள்ள தனிச் செயலியிலும் பேசலாம். கேட்டவர்களுக்குச் சொன்னதை இங்கே எழுதுகிறேன்.

"அப்பாவின் காணி உறுதியைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் உள்ள பொட்டுக்கு அனுப்பினேன். 18.5 பேர்ச் என்பதை 185 என்று வாசித்திருக்கிறது. தனிச் செயலியை இறக்கினால் சரியாக வாசிக்குமா அண்ணன்?" (களுவாஞ்சிகுடி, ஆசிரியை)

தங்கச்சி, வாசித்ததில் பிழை வருவதற்கு முன்பே வழியில் ஒரு பிழை நடந்திருக்கிறது. வட்ஸ்அப் சாதாரணமாக அனுப்பும் படத்தின் நீண்ட பக்கத்தை ஏறத்தாழ 1600 பிக்சல், அதாவது படப் புள்ளிகளுக்குச் சுருக்கிவிடும். உங்கள் கைபேசி 4000 புள்ளியில் எடுத்திருந்தாலும் பொட்டுக்குப் போய்ச் சேர்வது அந்த 1600தான்.

நீங்கள் காட்டிய உறுதியின் தாள் 13 அங்குல நீளம். 1600 புள்ளியை அதன் மேல் பரப்பினால் ஒரு மில்லிமீற்றருக்கு ஐந்துக்கும் குறைவாகவே கிடைக்கும். தட்டச்சு எழுத்து 3 மில்லிமீற்றர் உயரம், ஆகவே அதற்குப் பதினைந்து கிடைக்கும், அது போதும். ஆனால் தசமப் புள்ளி அரை மில்லிமீற்றர்கூட இல்லை. அதற்கு இரண்டு படப் புள்ளிகள்தான் மிஞ்சும். பழுப்பேறிய தாளில், சுருக்கும்போது வரும் கலங்கலில், அந்த இரண்டும் அழுக்கோடு அழுக்காகக் கரைந்துவிடும். மெய்யெழுத்தின் தலையில் இருக்கும் புள்ளிக்கும் இதே கதிதான். வேலிக்கு அந்தப் பக்கத்துக் காணிக்காரரின் பெயர் மாறிப்போனதாகச் சொன்னீர்களே, அதுவும் இதனால்தான் இருக்க வேண்டும்.

இதில் பொல்லாத விடயம் என்னவென்றால், தெரியாத இடத்தைப் பொட் வெறுமையாக விடுவதில்லை. பொருத்தமாகத் தோன்றுவதைப் போட்டு நிரப்பிவிடுகிறது. நாங்கள் மங்கிய எழுத்தைக் கண்டால் கண்ணைச் சுருக்குவோம், அது சுருக்காது. ஆனால் உறுதியில் உங்களுக்கு ஓர் இயற்கையான காவல் இருக்கிறது. 40 பேர்ச் சேர்ந்தால் ஒரு றூட், 4 றூட் சேர்ந்தால் ஓர் ஏக்கர். ஆகவே றூட்டுக்குப் பக்கத்தில் எழுதும் பேர்ச் 40ஐத் தொடவே கூடாது. 185 என்று வந்ததுமே அது பிழை என்று சொல்லிவிடலாம். 18.5ஐ 13.5 என்று வாசித்திருந்தால் இந்தக் காவல் உதவாது.

செய்ய வேண்டியது இதுதான். முழுத் தாளை ஒரே படமாக எடுக்காதீர்கள். தாளின் முழு அகலமும் வரும்படி, மேல், நடு, கீழ் என்று மூன்று பட்டிகளாக எடுங்கள். ஒவ்வொன்றும் முந்தியதன் கடைசி இரண்டு வரிகளையும் சேர்த்துப் பிடிக்கட்டும். இலக்கம் உள்ள வரியை மட்டும் இன்னும் கிட்டப் போய்த் தனியாக ஒரு படம் எடுங்கள். மூன்று அங்குல அகலம் மட்டும் படத்தில் இருந்தால், அதே 1600 புள்ளியில் அந்தத் தசமப் புள்ளிக்கு எட்டுப் படப் புள்ளிகளாவது கிடைக்கும்.

"இவ்வளவு சிரமம் எதற்கு? அனுப்பும்போது மேலே உள்ள HD என்பதை அழுத்தினால் முடிந்தது. நான் அப்படித்தான் செய்கிறேன்." (அக்கரைப்பற்று, கணினி வகுப்பு நடத்துபவர்)

பாதி சரி, சேர். HD அழுத்தினால் வழியில் நடக்கும் சுருக்கம் பெருமளவு குறையும். ஆனால் சுருக்கம் இரண்டு தடவை நடக்கிறது. இரண்டாவது தடவை பொட்டின் வாசலில். அங்கே உங்கள் HD செல்லாது.

சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனம், தன்னுடைய ஜிபிடி-4ஓ என்ற பொட் மாதிரியைக் கொண்டு மென்பொருள் எழுதுபவர்களுக்காக வெளியிட்ட குறிப்பில் இதை வெளிப்படையாகவே எழுதியிருந்தது: நுணுக்கமாகப் பார்க்கச் சொன்னாலும் படம் முதலில் 2048 புள்ளிச் சதுரத்துக்குள் அடக்கப்படும், பிறகு அதன் குறுகிய பக்கம் 768க்குச் சுருக்கப்படும். அந்த 13 அங்குல உறுதியை முழுத் தாளாக இப்படிச் சுருக்கினால் நீளம் 1250 புள்ளிக்கு வந்துவிடும். சாதாரண வட்ஸ்அப் படத்தைவிடக் குறைவு! இதையே பட்டியாக வெட்டி அனுப்பினால் அகலம் ஏறத்தாழ 1300 புள்ளி நிற்கும், தாளின் ஒவ்வொரு மில்லிமீற்றருக்கும் ஒன்றரை மடங்குக்கு மேல் கிடைக்கும். HD இல்லாமல் அனுப்பிய 1600 புள்ளிப் பட்டியும் அந்த 1300க்குத்தான் வந்து நிற்கும். அதாவது அந்த மாதிரியில், பட்டியாக எடுத்துவிட்டால் சாதாரணமாக அனுப்பினாலும், HDயில் அனுப்பினாலும், தனிச் செயலியில் ஏற்றினாலும் பொட் பார்ப்பது ஒரே அளவுதான்.

மாதிரிக்கு மாதிரி இந்த எண்கள் மாறும், புதியவை பெரிய படத்தையும் ஏற்கின்றன. ஆனால் எல்லை இல்லாத பொட்டை நான் இன்னும் காணவில்லை.

"அப்படியென்றால் தனிச் செயலியால் ஒரு பயனும் இல்லையா?" (அதே களுவாஞ்சிகுடி ஆசிரியை)

இருக்கிறது, நீங்கள் நினைத்த இடத்தில் இல்லை. வட்ஸ்அப்பில் மூன்று பட்டிகளை ஒன்றாகத் தெரிவு செய்து அனுப்பினாலும் அவை மூன்று தனித்தனிச் செய்திகளாகவே மறுபக்கம் போய்ச் சேர்கின்றன. சில பொட்டுகள் முதலாவது பட்டி வந்ததுமே பதில் சொல்லத் தொடங்கிவிடும். மற்ற இரண்டுக்கும் தனித்தனியாக இன்னும் இரண்டு பதில்கள் வரும். உறுதியின் காணி விபரம் இரண்டு பட்டிகளில் பிரிந்திருந்தால் அதை யாரும் சேர்த்து வாசிப்பதில்லை. தனிச் செயலியில் மூன்றையும் ஒரே செய்தியில் வைத்து, "வரிசைப்படி ஒரே ஆவணம், வாசிக்க முடியாத இடத்தில் கேள்விக்குறி இடு" என்று கீழே எழுதலாம். வட்ஸ்அப்பை விட முடியாதவர்கள் ஒவ்வொரு பட்டியின் கீழும் "3இல் 1, மீதியும் வரும் வரை பொறு" என்று எழுதிப் பாருங்கள். சில நேரம் கேட்கும்.

"என்னுடைய டேட்டா சமூக ஊடகங்களுக்கு மட்டுமான பொதி. தனிச் செயலி திறந்தால் காசு தனியாக ஓடுகிறது. எனக்கு வட்ஸ்அப் தான் சரி." (வாழைச்சேனை)

சரிதான். பட்டியாக அனுப்புங்கள்.

"நெல்லில் மஞ்சள் விழுகிறது. இலையைப் படம் எடுத்து வட்ஸ்அப்பிலும் செயலியிலும் போட்டேன். ஒன்று உரக் குறைவு என்கிறது, மற்றது எரிபந்தம் என்கிறது. எது நல்ல செயலி?" (சம்மாந்துறை, விவசாயி)

நானா, இரண்டு செயலியையும் குறை சொல்ல முடியாது, இரண்டுக்கும் நீங்கள் இலையின் நுனியைத்தானே காட்டியிருக்கிறீர்கள்? இது அறக்கொட்டியான் பூச்சியின் வேலை என்றால் அது இருப்பது அடித்தண்டில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே. மேலிருந்து எடுத்த படத்தில் மஞ்சள் மட்டுமே தெரியும். அதற்குப் பத்துக் காரணம் இருக்கலாம். எத்தனை புள்ளி கூடினாலும் படத்தில் இல்லாத பூச்சி வரப்போவதில்லை. பயிரை விலக்கி அடியை ஒரு படம், ஒரு இலையை வெள்ளைத் தாளில் வைத்து ஒரு படம், வயல் முழுவதையும் தூரத்தில் நின்று ஒரு படம் எடுங்கள். வட்டம் வட்டமாகக் காய்கிறதா, வரப்போரம் மட்டுமா என்பது தூரப் படத்தில்தான் தெரியும். மருந்தடிக்கும் முடிவைப் பொட்டிடம் விடாதீர்கள். அந்த மூன்று படங்களையும் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள், அல்லது 1920க்கு எடுத்துக் கேளுங்கள்.

"கைத்தறிச் சேலைகளுக்கு விளம்பரம் செய்ய வேண்டும். வட்ஸ்அப் பொட்டிலேயே சேலைப் படத்தைக் கொடுத்து, பின்னணியை மாற்றி, தமிழில் பெயரும் எழுதச் சொன்னேன். பெயர் வாசிக்க முடியவில்லை, கொம்பும் காலும் இடம் மாறிக் கிடக்கின்றன." (மருதமுனை)

பெயரை அதனிடம் விடாதீர்கள். படம் வரையும் பொட்டுகளில் பல தமிழ் எழுத்தை எழுத்தாக அல்ல, கோலமாகத்தான் வரைகின்றன. எழுத்தில்லாத படத்தைக் கேட்டு வாங்கி, பெயரை நீங்களே ஒரு தமிழ் எழுத்துருவில் மேலே பதியுங்கள்.

நான் அதிகம் கவலைப்படுவது சேலையைப் பற்றி. பின்னணியை மட்டும் மாற்றச் சொன்னாலும் பல பொட்டுகள் படம் முழுவதையும் புதிதாகவே வரைந்துவிடுகின்றன. கரையில் உள்ள கட்டங்களை எண்ணிப் பாருங்கள்: நீங்கள் நெய்தது ஐந்து, படத்தில் ஆறு இருக்கும். வாங்குபவர் அந்த ஆறு கட்டச் சேலையைத்தான் கேட்பார். சில தனிச் செயலிகளில் மாற்ற வேண்டிய இடத்தை விரலால் பூசிக் காட்டலாம். அது உதவும். ஆனாலும் பூசாத இடத்திலும் கை வைத்ததை நான் பார்த்திருக்கிறேன், எண்ணிப் பார்க்காமல் அச்சுக்குக் கொடுக்க வேண்டாம்.

அச்சென்றதும் இன்னொன்று. பொட் வரைந்து தரும் படம் பலவேளை 1024க்கு 1536 புள்ளி. அது கையடக்கமான ஓர் அட்டைக்குத் தெளிவாக வரும். ஏ3 சுவரொட்டிக்கு இழுத்தால் கிட்ட நின்று பார்ப்பவருக்கு நூல் கலங்கித் தெரியும். அந்தப் படத்தையும் வட்ஸ்அப்பில் மூன்று பேருக்குக் கைமாற்றிவிட்டு எனக்குக் கொண்டு வராதீர்கள். தனிச் செயலியில் இறக்கியதை ஆவணமாக அனுப்புங்கள், ஆவணமாகப் போனால் சுருங்காது.

"நான் ஆவணமாக அனுப்பினால் பொட் பதிலே சொல்வதில்லையே?" (ஏறாவூர், மாணவன்)

டெலிகிராமில்தானே தம்பி? அங்கே படமும் கோப்பும் பொட்டுக்கு வேறு வேறு வாசலால் வருகின்றன. பொட்டை எழுதியவர் படத்தின் வாசலை மட்டும் திறந்து வைத்திருந்தால் உன் கோப்பு வெளியே நிற்கும். இன்னொன்றும் தெரிந்து வைத்துக்கொள்: ஆவணமாகப் போகும் படத்தோடு, எடுத்த இடமும் நேரமும் பதிந்திருந்தால் அவையும் சேர்ந்து போகும்.

"சாட்ஜிபிடி இலக்கத்தை வட்ஸ்அப்பில் சேமித்து ஒரு வருடம் பயன்படுத்தினேன். எல்லாப் படங்களும் அதில்தான். நிறுத்திவிட்டார்களாமே?" (திருக்கோவில்)

வட்ஸ்அப்பின் உரிமையாளரான மெட்டா நிறுவனம் 2025 ஒக்டோபரில் விதியை மாற்றியது: மற்ற நிறுவனங்களின் பொதுவான சாட்பொட்டுகள் வட்ஸ்அப்பின் வணிக வழியால் இயங்கக் கூடாது, 2026 ஜனவரி 15 முதல். சாட்ஜிபிடியும் மைக்ரோசொப்டின் கோபைலட்டும் அந்தத் திகதியோடு விலகுவதாக அறிவித்தன. நீங்கள் அனுப்பிய படங்கள் உங்கள் கைபேசியில் இருக்கும். உரையாடலைத் தனிச் செயலிக்குக் கொண்டுபோக, இலக்கத்தை முன்கூட்டியே கணக்கோடு இணைத்திருக்க வேண்டும். கோபைலட்டில் அந்த வழியும் இருக்கவில்லை.

"அடையாள அட்டையை அனுப்பலாமா? வட்ஸ்அப் என்றால் பூட்டுப் போட்டதுதானே?" (பொத்துவில்)

அந்தப் பூட்டு இரண்டு மனிதருக்கு இடையில். பொட்டோடு பேசும்போது மறுமுனையில் ஒரு நிறுவனம் இருக்கிறது, அது வாசித்தால்தான் பதிலே வரும். தனிச் செயலியும் அப்படித்தான். அனுப்பத்தான் வேண்டுமென்றால் இலக்கத்தை மூடிவிட்டு எடுங்கள்.

"நீங்கள் சொன்னபடி பட்டியாக எடுத்தேன். 18.5 சரியாக வந்துவிட்டது. ஆனால் கிழக்கு எல்லையில் உள்ள பெயரை வட்ஸ்அப் ஒரு விதமாகவும் செயலி வேறு விதமாகவும் வாசிக்கின்றன. பெரிதாக்கிப் பார்த்தால் எனக்கும் தெரியவில்லை." (களுவாஞ்சிகுடி ஆசிரியை)

நானும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அந்த இடத்தில் தாள் மடிந்து மை உதிர்ந்திருக்கிறது. இரண்டு பொட்டும் ஒரே பெயரைச் சொல்லியிருந்தால்கூட நான் நம்பியிருக்க மாட்டேன். காணிப் பதிவகத்தில் பிரதி கேட்டு விண்ணப்பியுங்கள். வந்ததும் அதையும் கொண்டு வாருங்கள், எது சரி என்று எனக்கும் பார்க்க வேண்டும்.