பொதுக் கணக்குகளும் பொறுப்பாளர் பதிவேடும்

கேள்வி: மேலூரில் ஐந்து பேர் சேர்ந்து ஒரு சிறிய அறக்கட்டளை நடத்துகிறோம். கடவுச்சொற்களை வாட்ஸ்அப்பில் பகிர்கிறோம். ஒருவர் விலகினால் என்ன செய்வது?

பதில்: பிட்வார்டன் போன்ற கடவுச்சொல் மேலாளரில் நிறுவனப் பெட்டகம் ஒன்றைத் தொடங்கி, பொதுக் கணக்குகளை அதற்கு மாற்றுங்கள்; ஏனெனில் ஒருவரின் தனிப் பெட்டகத்தில் உள்ளவை மற்றவர்களுக்குத் தெரியாது. ஆனால் சிக்கல் பெரும்பாலும் கடவுச்சொல்லில் இருப்பதில்லை.

உங்கள் இணையதளப் பெயரை முன்னாள் செயலாளர் தம் சொந்த மின்னஞ்சலில் பதிவு செய்திருந்தார் என்று வைத்துக்கொள்வோம். கடவுச்சொல் உங்களிடம் இருந்தாலும், ஓடிபி அவர் கைபேசிக்கே போகும். புதுப்பிப்பு நினைவூட்டலும் அவருக்கே வரும். அவர் கவனிக்காவிட்டால் தளம் முடங்கும். ஆகவே ஒவ்வொரு கணக்குக்கும் உள்நுழைவு மின்னஞ்சல், மீட்பு எண், ஓடிபி பெறுபவர், பொறுப்பாளர், மாற்றுப் பொறுப்பாளர், புதுப்பிக்கும் நாள் ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதுங்கள்; ஆனால் கடவுச்சொல்லை அதில் எழுதாதீர்கள். மின்னஞ்சல் அறக்கட்டளைக்கு உரியதாகவே இருக்கட்டும். தளம் அனுமதித்தால், குறுஞ்செய்திக்குப் பதிலாக, ஓடிபியை உருவாக்கும் அங்கீகாரச் செயலியின் சாவியைப் பெட்டகத்தில் வைக்கலாம். கடவுச்சொல்லும் சாவியும் ஒரே இடத்தில் இருப்பதால் பாதுகாப்பு சற்றுக் குறையும் என்றாலும், சிறு குழுவுக்கு அது ஏற்கத்தக்கதே என்பது என் கருத்து.

ஒருவர் விலகும்போது பெட்டகத்திலிருந்து நீக்குவது மட்டும் போதாது. அவர் பார்த்த கடவுச்சொற்கள் அவருக்குத் தெரிந்தவையே. பதிவேட்டில் அவர் பெயர் உள்ள ஒவ்வொரு வரியிலும் முதலில் மீட்பு எண்ணையும், பிறகு அவர் பார்த்த எல்லாக் கணக்குகளின் கடவுச்சொல்லையும் மாற்றி, திறந்திருக்கும் அமர்வுகள் அனைத்தையும் வெளியேற்றுங்கள்.