குரல் குடுக்கிறவருக்கு ஸ்க்ரிப்டில எப்பிடிக் குறிப்பு எழுதுறது?

கேள்வி: கல்முனையில புடவைக்கடை ஒண்டுக்கு ரேடியோ விளம்பரம் எழுதினன், 'உற்சாகமா' எண்டு போட்டதுக்கு வாசிச்சவர் கத்துறார். எப்பிடி எழுதணும்?

'உற்சாகமா' எண்டா முக்கால்வாசிப் பேர் சத்தத்தைத்தான் கூட்டுவாங்க. ஆர் ஆருக்கு எவ்வளவு தூரத்தில நிண்டு சொல்றாங்க எண்டு எழுதுங்க, '(பக்கத்து வீட்டு அக்காட்ட வேலிக்கு மேலால சொல்ற மாதிரி)' எண்டு போட்டா தொனி தன்னால இறங்கிரும். குறிப்பு வரிக்கு முன்னுக்கு வரணும், பின்னுக்குப் போட்டா வாசிச்சு முடிஞ்சாப் பிறகுதான் கண்ணில படும்.

அழுத்தம்தான் கூடப் பிழைக்கிற இடம். ஒரு வசனத்துக்கு ஒரே சொல்லில மட்டும் அடிக்கோடு போடுங்க. 'நாளைக்கு மட்டும் சேலை பாதி விலை', இதில 'நாளைக்கு'க்குக் கீழ கோடு போட்டா அவசரம் கேக்கும், 'பாதி'க்குப் போட்டா மலிவு கேக்கும், ரெண்டுக்கும் போட்டா ஒண்டும் கேக்காது கா. கோடு போட்டும் சரிவராட்டி வசனத்தையே மாத்துங்க: 'சேலை பாதி விலை, // நாளைக்கு மட்டும்தான்.' இப்ப ஆர் வாசிச்சாலும் அழுத்தம் அங்கதான் விழும்.

அந்த // மூச்சு விடுற அளவு நிறுத்தம், ஒத்தைக் கோடு / எண்டா சின்னது, இதை ஸ்க்ரிப்ட் தலைப்பில ஒருக்கா எழுதி விடுங்க. 'மெதுவா' எண்டு எழுதுறதை விட இது வேலை செய்யும். 30 செக்கனுக்குள்ள அடங்கல்லையா, 'வேகமா' எண்டு போடாம சொல்லை வெட்டுங்க, வேகம் கூடினா முதல்ல விளங்காமப் போறது விலையும் டெலிபோன் நம்பரும்தான்.