கடிப்பது குஞ்சுப் பருவம் மட்டும்

கேள்வி: ஆடு மேய்க்கும் என் அப்பாவுக்கு, சிற்றுண்ணி கடித்துப் பரவும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் வந்து மாத்திரையில் குணமாகிவிட்டது. இடுப்பில் கறுப்பாக ஒரு பொருக்கு இருந்தது. ஆனால் பூச்சி கடித்ததே தெரியாது என்கிறார். அது குஞ்சாக இருக்கும்போது மட்டும்தான் கடிக்குமாமே, ஏன்? மறுபடி வராமல் தடுப்பது எப்படி?
– வாசகி, வேலூர் மாவட்டம்

பதில்: உங்கள் அப்பா சொல்வதை நம்பலாம். கடித்த சிற்றுண்ணிக் குஞ்சு ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டர்தான் இருக்கும். கடித்த இடத்தில் வரும் பொருக்கிலும் பெரும்பாலும் வலியோ அரிப்போ இராது.

இந்தச் சிற்றுண்ணி மண்ணில் முட்டையிடுகிறது. பொரித்து வரும் ஆறுகால் குஞ்சு அடுத்த பருவத்துக்கு வளர, ஒரே ஒரு முறை எலி போன்ற ஓர் உயிரின் உடல்நீர் தேவை. மனிதன் தற்செயலாக அகப்படுபவன். அது இரத்தம் குடிப்பதில்லை. உமிழ்நீரால் தோலின் திசுவைக் கரைத்து, அந்தக் கரைசலைச் சில நாட்கள் உறிஞ்சிவிட்டு மண்ணில் விழுகிறது. பிறகு எட்டுக்கால் பருவங்களை அடைந்ததும் மண்ணிலுள்ள பூச்சி முட்டைகளும் நுண்பூச்சிகளுமே அதற்கு இரை என்பதால், மனிதரைக் கடிக்க வேண்டிய தேவையே இல்லை. வாழ்நாளில் ஒரே முறை கடிக்கும் குஞ்சிடம் கிருமி எப்படி வந்தது என்று கேட்கத் தோன்றும். பெரும்பாலும் தாயிடமிருந்து முட்டை வழியாகவே வருகிறது. ஆகவே எலியை ஒழித்தால் மட்டும் ஆபத்து உடனே நீங்கிவிடாது.

புல் நுனியில் காத்திருக்கும் குஞ்சு, உடம்பில் தொற்றியவுடன் கடிப்பதில்லை. மேலே ஊர்ந்து, துணி இறுகும் இடத்திலோ மெல்லிய தோல் மடிப்பிலோதான் நிற்கும். அரைஞாண் கயிறும் வேட்டிக் கட்டும் இறுகும் இடுப்பில் அப்பாவுக்குப் பொருக்கு வந்ததில் வியப்பில்லை. மேய்ச்சலுக்குப் போகும்போது முழுக்கால் சட்டை அணிந்து, அதன் நுனியைக் காலுறைக்குள் செருகி, டீட் கலந்த பூச்சிவிரட்டியைக் கணுக்காலிலும் காலுறை மீதும் பூசிக்கொள்ளச் சொல்லுங்கள். (வேட்டிதான் கட்டுவேன் என்று பிடிவாதம் பிடித்தால், காலில் விரட்டி பூசுவதையாவது விடக்கூடாது.) புல்லில் நேராக உட்காராமல் தார்ப்பாய் விரித்து உட்காரட்டும், கழற்றிய துண்டைப் புதர்மேல் போட வேண்டாம். எல்லாவற்றிலும் நான் அதிகம் வலியுறுத்துவது, வீடு திரும்பியதும் உடுத்திய துணியை வெந்நீரில் ஊறவைத்துவிட்டு, சோப்புப் போட்டு அழுத்தித் தேய்த்துக் குளிப்பதைத்தான். ஊர்ந்து கொண்டிருக்கும் குஞ்சும், அப்போதுதான் ஒட்டிய குஞ்சும் அதில் போய்விடும்.

ஒரு முறை வந்தவருக்கு மறுபடியும் வரலாம், தடுப்பூசியும் இல்லை. காட்டுக்குப் போய் வந்த மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் கண்டால் அக்குள், தொடையிடுக்கு, இடுப்பு ஆகிய இடங்களில் பொருக்கைத் தேடுங்கள். பொருக்கு இல்லாவிட்டாலும் அவர் ஆடு மேய்ப்பவர், முன்பு இந்நோய் வந்தவர் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட்டால், பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் மருத்துவர் டாக்ஸிசைக்ளின் மருந்தைத் தொடங்க முடியும்.