'ஆழ்ந்து மூச்சு விடு' என்று சொன்னார்கள், தலை சுற்றியதுதான் மிச்சம்

கேள்வி: இன்டர்வியூ என்றாலே கை நடுங்குகிறது, குரல் உடைகிறது. நன்றாகப் படித்துவிட்டுப் போனாலும் முதல் கேள்வியிலேயே எல்லாம் மறந்துவிடுகிறது. மூச்சுப் பயிற்சி செய்தும் பயனில்லை. என்ன செய்யலாம்?

மூச்சுப் பயிற்சியை எப்படிச் செய்தீர்கள் என்று தெரியவில்லை. நான் செய்த தவற்றைச் சொல்கிறேன், ஒருவேளை உங்களுடையதும் அதுவாக இருக்கலாம்.

ஒரு இன்டர்வியூவுக்காக வெளியே காத்திருந்தபோது நெஞ்சு நிறைய காற்றை இழுத்து இழுத்து விட்டேன். பத்து நிமிடத்தில் விரல் நுனி மரத்தது, உதட்டைச் சுற்றி ஊசி குத்துவதுபோல் இருந்தது, தலை லேசாகச் சுற்றியது. மயங்கி விழப்போகிறேன் என்றே நினைத்தேன். அந்த நிலையில் உள்ளே போய், "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றதும் இரண்டாவது வாக்கியத்திலேயே குரல் நின்றுபோனது.

காரணம் பிறகுதான் புரிந்தது. தேவைக்கு மேல் மூச்சு வாங்கினால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது. மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன. மரத்துப்போவதும் கிறுகிறுப்பும் கார்பன் டை ஆக்சைடு குறைவதால் வருபவை. பதற்றத்தைக் குறைக்கப் போய் பதற்றத்தின் அறிகுறிகளை நானே வரவழைத்திருக்கிறேன்!

மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மூச்சு விட்டுப் பாருங்கள். உள்ளே இழுக்கும்போது துடிப்பு சற்று வேகமாகும், வெளியே விடும்போது தளரும். இதயத்தை மெதுவாக்கும் வேகஸ் நரம்பு, மூச்சு வெளியேறும்போதுதான் அதிகம் வேலை செய்கிறது. ஆகவே கவனிக்க வேண்டியது விடும் மூச்சை. மூக்கு வழியாக நான்கு எண்ணும் வரை இழுங்கள், நெஞ்சை முட்ட நிரப்ப வேண்டாம். உதட்டைக் குவித்து ஆறு எண்ணும் வரை விடுங்கள். நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறு மூச்சு. ஐந்து நிமிடம் போதும். விரல் மரத்துப்போனால் காற்று அதிகமாகிவிட்டது என்று அர்த்தம், அளவைக் குறையுங்கள். தோள் தானாக இறங்கி, வறண்ட வாயில் எச்சில் ஊறினால் சரியாகப் போகிறது. இதை இரண்டு வாரமாவது தினமும் பழகியிருக்க வேண்டும். அன்றைக்குத்தான் முதல்முறை என்றால், எண்ணிக்கை தவறிவிட்டதோ என்பதே இன்னொரு பரீட்சையாகிவிடும்.

இதைச் செய்தாலும் உங்கள் பெயரைக் கூப்பிட்டதும் நெஞ்சு அடிக்கத்தான் செய்யும். பெரும்பாலோருக்குப் படபடப்பு உச்சத்தில் இருப்பது பேச ஆரம்பிக்கும் அந்த நேரத்தில்தான். சில நிமிடங்களில் தானாக இறங்கும். மேடைப் பேச்சும் அப்படித்தான். அதனால் நான் முதல் ஒரு நிமிடத்துக்கென்றே தனியாகத் தயாராகிறேன்.

முழுப் பதிலையும் மனப்பாடம் செய்வதை விட்டுவிட்டேன், ஒரு சொல் தவறினால் பின்னால் வருவதெல்லாம் போய்விடுகிறது. முதல் வாக்கியம் மட்டும் தூக்கத்தில் கேட்டாலும் வர வேண்டும்: "நான் நான்கு ஆண்டுகளாகக் கிடங்குக் கணக்கு பார்க்கிறேன்." வேண்டுமென்றே குட்டி வாக்கியம், முடிந்ததும் மூச்சு விட ஓர் இடம் கிடைக்கிறது. அதன் பிறகு மூன்று நிறுத்தங்கள் மட்டும் நினைவில் இருக்கும்: இப்போது என்ன செய்கிறேன், இருப்புக்கும் பதிவேட்டுக்கும் வந்த வித்தியாசத்தை எப்படிக் கண்டுபிடித்தேன், இந்த வேலையை ஏன் கேட்கிறேன். நடுவில் வாக்கியங்கள் ஒவ்வொரு முறையும் மாறும், மாறட்டும்.

ஒத்திகையை அமைதியாக உட்கார்ந்து பார்த்துப் பயனில்லை. இரண்டு மாடி வேகமாக ஏறி, நெஞ்சு படபடவென அடிக்கும்போதே அந்த ஒரு நிமிடத்தைச் சத்தமாகப் பேசி போனில் பதிவு செய்தேன். மூச்சிரைப்பு காதில் விழுந்தது. ஆனால் எனக்குள் பூகம்பமாக இருந்த நடுக்கம் பதிவில் தேடினாலும் அகப்படவில்லை. கென்னத் சாவிட்ஸ்கியும் தாமஸ் கிலோவிச்சும் 2003-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பேசுகிறது: நம் பதற்றம் மற்றவர்களுக்கு அப்பட்டமாகத் தெரிகிறது என்று நாம் மிகையாக நினைக்கிறோம், அப்படியில்லை என்று முன்கூட்டியே சொல்லப்பட்டவர்கள் மேடையில் மேலும் நன்றாகப் பேசினார்கள்.

அடுத்த இன்டர்வியூவில் மேசைக்கு அடியில் முழங்கால் ஆடிக்கொண்டேதான் இருந்தது. முதல் வாக்கியம் வந்தது, மூச்சை விட்டேன், இரண்டாவது நிறுத்தத்தில் ஒருவர் குறுக்கிட்டு, "அந்த வித்தியாசம் எவ்வளவு?" என்று கேட்டார். பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் முழங்கால் நின்றிருப்பதைக் கவனித்தேன்.

நடுக்கத்துக்கு ப்ரோப்ரனோலால் மாத்திரை போட்டுக்கொள்ளலாம் என்று யாராவது சொல்வார்கள். அது இதயத் துடிப்பைக் குறைப்பது உண்மை, ஆனால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆபத்து. டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள். வந்த இன்டர்வியூ அழைப்புகளையே பயத்தால் மறுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் மூச்சுப் பயிற்சியோடு நிறுத்தாமல் ஒரு மனநல நிபுணரைப் பாருங்கள்.